இன்னும் எத்தனை தடவ சொல்றது, "நாளைக்கு இஓடி", அதாவது நாளைக்கு ஆபீஸ் முடியுறதுக்குள்ளன்னு, மெயில்ல எழுதாதீங்கன்னு!

யாரோட நாளைக்கு, யாரோட இஓடி? நியூயார்க் கிளையன்ட்கிட்ட டிசைன் அப்ரூவல் கேட்டு வியாழக்கிழமை நைட் இப்படி ஒரு மெயில். நம்மாளு மனசுல வெள்ளி சாயந்தரம் 6 மணி. அப்போ ஜூன் மாசம், அங்க காலைல 8:30, அந்தம்மா ஆபீஸுக்கே வந்திருக்க மாட்டாங்க. அவங்க கணக்குல சாயந்தரம் 5 மணி வரை டைம் இருக்கு, அதாவது நமக்கு சனி விடிகாலை 2:30. அதுக்குள்ள 6:05க்கு ரிமைண்டர், அதுவும் "கைண்ட்லி ரிவெர்ட்"னு! நமக்கு அது பதில் போடுங்க, அவங்களுக்கு பழையபடி மாத்துங்க. எதை மாத்தணும்னு பதறிப்போய் கேக்குறாங்க. தேதி, மணி, நியூயார்க் டைம்னு ஒரு வரி எழுத கை வலிக்குதா? நவம்பர்ல அவங்க கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால போனதும் மறுபடி இதே கூத்து, தாங்க முடியல.