அந்தப் பச்சைச் சாயம் எதற்கு?

போன வாரம் அக்கா குடும்பத்தோடு சென்னையில் ஒரு ஜப்பானிய உணவகத்துக்குப் போயிருந்தோம். சுஷித் தட்டின் ஓரத்தில் கோலிக்குண்டு அளவுக்குப் பச்சையாக ஓர் உருண்டை. அக்கா மகன் அதில் பாதியைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாமா, வசாபின்னா இதுதானா?" என்றான். இது வசாபியே இல்லை என்றேன். "மெனுவுல அப்படித்தானேடா போட்டிருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

பரிமாறிய தம்பியிடம் பாக்கெட்டைக் கொஞ்சம் காட்ட முடியுமா என்று கேட்டேன். முகம் கோணாமல் உள்ளே போய் எடுத்துவந்தார். தண்ணீர் விட்டுக் குழைக்கிற பொடி அது. பின்பக்கம் சேர்மானங்களைப் படித்தேன்: ஹார்ஸ்ராடிஷ், கடுகு, மக்காச்சோள மாவு, நிறமிகள் 102, 133. அவ்வளவுதான். வசாபி என்ற சொல் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருந்தது, பின்பக்கப் பட்டியலில் ஓர் இடத்திலும் இல்லை. 102 என்பது டார்ட்ரசைன் என்ற மஞ்சள் நிறமி, 133 நீல நிறமி. மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை.

ஹார்ஸ்ராடிஷ் கெட்ட பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. ஐரோப்பியர்கள் நெடுங்காலமாக மாட்டிறைச்சியோடும் மீனோடும் துருவிச் சாப்பிடுகிற வேர் அது. உள்ளே நல்ல வெள்ளை. வெள்ளைக்காரர்கள் நம் ஊருக்கு வந்தபோது முருங்கை வேரிலும் அதே காரம் இருப்பதைக் கண்டு, அதை ஹார்ஸ்ராடிஷுக்குப் பதிலாகப் பயன்படுத்தினார்கள். முருங்கைக்கு 'ஹார்ஸ்ராடிஷ் மரம்' என்ற ஆங்கிலப் பெயர் வந்தது அப்படித்தான். ஹார்ஸ்ராடிஷ் குளிர்ப் பிரதேசத்தில் சாதாரண வயலில் மளமளவென்று வளரும். அதனால் விலை குறைவு.

வசாபி வேறு செடி. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், ஹார்ஸ்ராடிஷ் எல்லாம் இருக்கிற அதே குடும்பம்தான், ஆனால் குணமே வேறு. வேலை நிமித்தம் ஜப்பானில் இருந்த நாட்களில் ஷிசுவோகா மாகாணத்தின் இசு தீபகற்பத்தில் அதன் வயல்களைப் பார்த்தேன். மலைச்சரிவில் படிப்படியாகக் கல் அடுக்கி, மேலே மணல் பரப்பி, ஊற்றுத் தண்ணீர் மெல்லிய விரிப்பாக ஓடும்படி விட்டிருக்கிறார்கள். தண்ணீர் வருடம் முழுக்க ஓட வேண்டும், 12, 13 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும், வெயில் நேராகப் படக் கூடாது. சூடு ஏறினால் செடி அழுகிவிடும். புயல் மழையில் வெள்ளம் வந்தால் மணலோடு சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். இவ்வளவையும் தாண்டி ஒன்றரை, இரண்டு வருடம் காத்திருந்தால்தான் கையில் பிடிக்கிற அளவுக்கு ஒரு தண்டு கிடைக்கும். கிழங்கு என்று நாம் சொன்னாலும் அது தடித்த தண்டுதான், இலைகள் உதிர்ந்த தழும்பு உடம்பெல்லாம் தெரியும். 2018இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு இந்தச் சாகுபடி முறையை உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது.

அதே பகுதியில் ஷுசென்ஜி என்று ஓர் ஊர். அங்கே சோபா என்ற நூடுல்ஸ் விற்கிற ஒரு கடையில், குளிர்ந்த நூடுல்ஸோடு முழு வசாபித் தண்டு ஒன்றையும் சின்னத் துருவியையும் தட்டில் வைத்தார்கள். நான் தேங்காய் துருவுகிற வேகத்தில் ஆரம்பித்தேன். கடைக்கார அம்மா வந்து கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். இலை இருந்த பக்கத்திலிருந்து துருவ வேண்டும், அழுத்தாமல் வட்டம் வட்டமாக, மெதுவாகச் சுற்ற வேண்டும் என்று செய்து காட்டினார். வசாபியைச் சிரித்துக்கொண்டே அரை என்று ஜப்பானில் ஒரு சொலவடை உண்டாம். கோபத்தோடு அரைத்தால் கை அழுத்தும், துருவல் பெரிதாக விழும். சுஷிக் கடைகளில் இதற்கென்றே மரப்பலகையில் சுறாத்தோல் ஒட்டிய துருவி வைத்திருப்பார்கள்.

ஏன் இவ்வளவு நைசாக? இதை நம் அடுப்படிக் கடுகை வைத்தே புரிந்துகொள்ளலாம். முழுக் கடுகை மென்றால் முதலில் காரம் தெரியாது. தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறும். தாளித்தால் அந்த ஏறுகிற காரம் போய்விடும். கடுகுக்குள் சினிக்ரின் என்ற பொருள் ஓர் இடத்திலும், அதை உடைக்கிற நொதி வேறு இடத்திலும் இருக்கின்றன. செல்கள் நசுங்கி, ஈரத்தில் இரண்டும் சந்திக்கும்போதுதான் மூக்கில் ஏறுகிற அல்லைல் ஐசோதயோசயனேட் உருவாகிறது. எண்ணெய்ச் சூட்டில் நொதி செத்துவிடுவதால் தாளித்த கடுகில் அது வருவதில்லை. வசாபியிலும் ஹார்ஸ்ராடிஷிலும் நடப்பது இதே கதை, அதனால்தான் ஒன்று மற்றொன்றாக நடிக்க முடிகிறது. எவ்வளவு நைசாகத் துருவுகிறோமோ அவ்வளவு செல்கள் உடையும்.

ஆனால் வசாபியில் அந்தக் காரத்தோடு வேறு சில சேர்மங்களும் உண்டு. பச்சைப் புல் வாசனை, லேசான இனிப்பு. அன்று நாக்கில் வைத்ததும் முதலில் வந்தது அந்த இனிப்புதான். அப்புறம் காரம் சட்டென்று ஏறி, மூச்சு விட்டதும் இறங்கிவிட்டது. கண் எரியவில்லை. நிறமும் அடர் பச்சை இல்லை. முட்டைக்கோஸின் உள் இலை மாதிரி வெளிறிய பச்சை, ஈரம் கசிந்த சின்னச் சின்ன துருவல். பதினைந்து, இருபது நிமிடத்தில் அந்த வாசனை பறந்துவிடும். காலையில் உருட்டி மாலை வரை வைக்கிற பொருளே இல்லை அது. தட்டில் களிமண் மாதிரி வழவழவென்று, ஒரே நிறத்தில், வடிவம் குலையாமல் உட்கார்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது சாயம் போட்ட ஹார்ஸ்ராடிஷ்தான்.

ஜப்பானிலும் மலிவான கடைகளில், சூப்பர் மார்க்கெட் டியூப்களில் இதே பசைதான் பெரும்பாலும். ஆனால் அங்கே டியூபில் 'ஹொன் வசாபி ஷியோ' என்று போட்டிருந்தால் அதில் சேர்த்த வசாபி, ஹார்ஸ்ராடிஷ் இரண்டில் பாதிக்காவது நிஜ வசாபி இருக்க வேண்டும். 'ஹொன் வசாபி இரி' என்றால் பாதிக்கும் குறைவு. தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கணக்கு இது. வாங்குகிறவருக்கு எது என்று தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோக்காரர்கள் வழி. அங்கே ஹார்ஸ்ராடிஷ் நன்றாக விளைகிறது. அதற்கு 'யாமா வசாபி', மலை வசாபி என்று தனிப் பெயர் வைத்து, வெள்ளையாகவே துருவி, சோயா சாஸ் விட்டுச் சூடான சோற்றில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். சாயம் இல்லை, வேஷம் இல்லை. அந்த வேருக்குச் சொந்தமாக ஒரு மரியாதை கிடைத்துவிடுகிறது.

என் வருத்தம் எல்லாம் அந்த நிறமிகள் மேல்தான். 102உம் 133உம் உடம்புக்குக் கெடுதலா என்பது வேறு விவாதம். ருசிக்கு அவற்றால் ஒன்றும் இல்லை, கெட்டுப்போகாமல் காக்கவும் இல்லை. வெள்ளை வேரைப் பச்சைச் செடியாகக் காட்டுவது ஒன்றுதான் அவற்றின் வேலை. நிஜ வசாபியைச் சென்னைக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு தட்டுக்கும் துருவிக் கொடு என்று எந்தக் கடையிடமும் நான் கேட்க மாட்டேன், கட்டுப்படியாகாது. மெனுவில் 'ஹார்ஸ்ராடிஷ் பசை' என்று போட்டு வெள்ளையாகவே வைக்கட்டும். நான் சந்தோஷமாகத் தொட்டுச் சாப்பிடுவேன்.

கிளம்பும்போது அக்கா மகன் அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டான். இரவு வீட்டுக்குப் போய், ஃபிரிட்ஜில் இருந்த வசாபி மயோனைஸ் பாட்டிலின் பின்பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான்.