ஆறு குறியீடுகளும் ஒரு மாலையும்

நேற்று மாலை ஆறரை மணிக்கு உட்கார்ந்தவன் ஒன்பதே கால் வரை எழுந்திருக்கவில்லை. அதற்குள் எங்கள் தொலைக்காட்சி, நாடகம் பார்க்கும் கணக்கில் நுழைவதற்கான ஆறு குறியீடுகளைக் காட்டியது. ஒவ்வொன்றையும் போனில் தட்டச்சு செய்து முடித்தபோது, காலாவதியாகிவிட்டது என்ற ஒரே பதில்தான் வந்தது.

ஹட்டனுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வயர் இணைப்பு வரவில்லை. ஜன்னல் கட்டையில் வைத்த என் போனின் ஹொட்ஸ்பொட்தான் தொலைக்காட்சிக்கும் இணையம். கணக்கோ கொழும்பில் இருக்கும் தம்பியுடையது என்பதால், குறியீட்டை இடும் பக்கத்தில் நான் நுழைய அவனுக்கு வரும் ஓடிபி எண் வேண்டும். அவன் அதைச் சொல்ல அழைத்தவுடன் என் போன் பழைய அலைவரிசைக்கு இறங்கி டேட்டாவை நிறுத்தியது. தொலைக்காட்சி இணைப்பை இழந்தது. அழைப்பு முடிந்ததும் அது புதிய குறியீட்டுடன் எழுந்து நிற்க, நான் பழையதை எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தேன். மூன்று முறை இதே கதி. மற்ற மூன்று முறை ஓடிபி குறுஞ்செய்தியாக வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

என்னால் பொறுக்க முடியாதது இதுதான். குறியீட்டைக் கொடுக்கும்போதே, அது எத்தனை விநாடி செல்லும் என்பதையும் `expires_in` என்ற பெயரில் சேவையகம் தொலைக்காட்சிக்குச் சொல்லிவிடுகிறது. இப்படிக் குறியீடு கொடுத்து நுழையும் முறைக்காக 2019இல் வந்த RFC 8628 என்ற தரநிலையில் அது கட்டாயம். அந்த எண்ணைத் திரையின் மூலையில் காட்ட என்ன கஷ்டம்? குறியீடு மாறியதையாவது ஒரு வரியில் சொல்லக்கூடாதா? அம்மா இஸ்தோப்பிலிருந்து, "இன்னும் வரலையாடா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

கடைசியில் திரையைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் கொழும்பிலிருந்தே குறியீட்டை இட்டான். ஒரு நிமிடத்தில் திரை திறந்தது. ஏனென்றால் தொலைக்காட்சி என் போனைக் கேட்பதே இல்லை. சில விநாடிக்கு ஒருமுறை, வழக்கமாக ஐந்து விநாடிக்கு ஒருமுறை, அனுமதி வந்துவிட்டதா என்று சேவையகத்தைத்தான் கேட்கிறது. குறியீட்டை எந்த ஊரில் இருந்தும் இடலாம். இதே காரணத்தால், முன்பின் தெரியாதவர் அனுப்பும் குறியீட்டை இட்டால் நம் கணக்கு அவர் பெட்டியில் திறந்துவிடும் என்பதையும் தம்பியிடம் சொல்லி வைத்தேன்.

"இதே போனில்தான் இட வேண்டும் என்பதில்லை" என்று அந்தத் திரையில் ஒரு வரி இருந்திருந்தால், அம்மா ஆறரை மணிக்கே தன் நாடகத்தைப் பார்த்திருப்பார். ஒன்பதே காலுக்கு அது முடிந்து போயிருந்தது.