ஒற்றைக்காலில் நின்றால் கணுக்கால் கெடாது

“ஒத்தக்கால்ல நிக்கற பயிற்சி கணுக்கால் ஜவ்வைத் தளர்த்திடும். பிள்ளைங்களை நிறுத்தச் சொல்லுங்க. அதிகம் பகிரவும்.”

சேலத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இது தவறு. நிற்கும்போது பாதம் நடுங்குவதைப் பார்த்து யாரோ பயந்திருக்கலாம். அந்த நடுக்கம்தான் பயிற்சியே: பாதம் சாயும்போது தசை சட்டென்று பிடித்துக்கொள்ளப் பழகுகிறது.

விஸ்கான்சினில் 765 பள்ளிக் கால்பந்து, கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வில், பயிற்சி செய்தவர்களில் 6.1 சதவீதத்தினருக்குக் கணுக்கால் சுளுக்கியது, செய்யாதவர்களில் 9.9 சதவீதம். 2006-ல் வெளியானது. பப்மெட் தளத்தில் McGuine balance training என்று தேடிப் பாருங்கள்.

முதலில் தரையில் கண் திறந்து, அப்புறம் கண் மூடி, பிறகுதான் ஆடும் பலகை. சீசனுக்கு முன் வாரம் 5 நாள். சீசனில் 3 நாள், 10 நிமிடம் போதும். வீங்கி, நாலு அடி வைக்க முடியாத காலுக்கு மட்டும் இது வேண்டாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.