சுரங்கத்துக்குள் என் வசனம்

(ஹட்டன். ரயில் பயணக் காணொளி போடும் ரவி. சமையல் காணொளி போடும் செல்வி. நடுவில் ஒரு கொப்பி, இரண்டு பிளேன்டி.)

ரவி: அக்கா, என் சேனலுக்கு நாம் சேர்ந்து எடுக்கப்போகும் ரயில் காணொளியின் வசனத்தைச் சரிபாதியாகப் பிரித்துவிட்டேன். உங்களுக்கு 12, எனக்கு 12.

செல்வி: என்னுடைய முதல் ஆறும் எங்கே வருகின்றன?

ரவி: ஹட்டனிலிருந்து ரயில் புறப்பட்டதும்.

செல்வி: அங்கேதானே சிங்கமலைச் சுரங்கம்! இருட்டில் முகம் தெரியாது, இரைச்சலில் குரல் கேட்காது. உன்னுடையவை?

ரவி: கொட்டகலை தாண்டி... நீர்வீழ்ச்சி தெரியும் இடத்தில்.

செல்வி: அதுதானே பார்த்தேன்!

ரவி: கோபிக்காதீர்கள். சுரங்கத்தில் யாருக்கும் வசனம் வேண்டாம். இசை போட்டுவிடுகிறேன்.

செல்வி: இது என்ன? மாசிச் சம்பல் இடிப்பது எப்படி என்று நீ விளக்குகிறாய். அடுத்த நிலையம் தலவாக்கலை என்று நான் அறிவிக்கிறேன். நீ உலக்கையைத் தொட்டதுண்டா?

ரவி: எண்ணிக்கை சமமாக வரவேண்டுமே என்று...

செல்வி: எண்ணிக்கையை விடு. தெரிந்தவர் சொல்லட்டும், தெரியாதவர் கேட்கட்டும். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "இவ்வளவு காரம் எதற்கு அக்கா?" என்று நீ கேள். பார்ப்பவர்கள் மனதிலும் அதே கேள்விதான் இருக்கும். ரயில் விஷயத்தில் கேள்வி என்னுடையது.

ரவி: சரி. கடைசியில் இருவரும் சேர்ந்து, "இரண்டு சேனலுக்கும் சந்தா செய்யுங்கள், மணியை அழுத்துங்கள், பகிருங்கள், கருத்து எழுதுங்கள்..."

செல்வி: ஒரே பஸ்ஸில் நின்றுகொண்டு கண்டி, பதுளை, நுவரெலியா என்று கத்தினால் யார் ஏறுவார்கள்? ஒன்றைத்தான் கேட்கவேண்டும்.

ரவி: எதை?

செல்வி: ரயிலில் சம்பலைச் சாப்பிட்டுக் காட்டுகிறோம். செய்முறை என் சேனலில் இருக்கிறது. "அதைப் போய்ப் பாருங்கள்" என்று நீ சொல்.

ரவி: நானா? உங்கள் சேனலுக்கு நீங்களே சொல்லலாமே?

செல்வி: நான் சொன்னால் விளம்பரம். பார்ப்பவர்கள் உன் ஆட்கள், உன்னைத்தான் நம்புவார்கள். அதுவும் உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தவுடனே சொல்லவேண்டும்.

ரவி: விடைபெற்ற பிறகு சொல்கிறேனே?

செல்வி: "நன்றி, வணக்கம்" என்றதும் பாதிப் பேர் போய்விடுவார்கள். யூடியூபில் இறுதித் திரை கடைசி 20 வினாடிக்குள்தான் வரும். அதுவரை பேச்சை இழு. அதில் என் வீடியோ ஒன்றை மட்டும் வை.

ரவி: இணைப்புக் கொடுங்கள், இப்போதே குறித்துக்கொள்கிறேன்.

செல்வி: அதை இன்னும் எடுக்கவேயில்லை.

ரவி: அக்கா! உங்களுடையது முதலில் வெளியாகாவிட்டால் நான் எதைக் காட்டுவது?

செல்வி: நாளைக்கே எடுப்போம். காலையில் வந்துவிடு.

ரவி: அதில் எனக்கு எத்தனை வசனம்?

செல்வி: ஒன்றுமில்லை. நீ தேங்காய் திருவுகிறாய்.