பில் சரி, பாட்டில் தப்பு: ஒரு மருந்துக்கடைக்காரரின் மன்னிப்புக் கடிதம்

கோத்தகிரிப் பக்கம் மெடிக்கல் வைத்திருக்கும் ஒருவர், பவர் மாறிப்போன மாத்திரைக்காக வாடிக்கையாளர் ஒருவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். இரண்டு வீட்டாரும் பெயர் போடாமல் எழுதலாம் என்று சொன்னதால்தான் இதை இங்கே எழுதுகிறேன். அந்தக் கடிதத்தின் முதல் வடிவம் போயிருந்தால் அந்த அம்மாவுக்கு எந்தப் பிரயோஜனமும் இருந்திருக்காது. சொல்லப்போனால் கெடுதல்கூட வந்திருக்கும்.

அந்த அம்மா ஓய்வு பெற்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளி. வயது 68, எடை ஐம்பது கிலோ இருக்கும். சில வருடங்களுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். சமீபத்தில் ரத்தத்தில் தைராய்டு கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று தெரிந்து, டாக்டர் தைராக்சின் 12.5 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்தார். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் இந்த மருந்தை இப்படித்தான் அடிமட்டத்தில் தொடங்குவார்கள். ஆறு, எட்டு வாரம் கழித்து ரத்தம் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். எடுத்த எடுப்பில் அதிகம் கொடுத்தால் இதயம் வேகமாக ஓடும். ஏற்கெனவே அடைப்பு இருந்த இதயம் அதைத் தாங்காது.

தைராக்சினில் 12.5 இருக்கிறது, 125-ம் இருக்கிறது. பெரும்பாலும் குட்டிப் பாட்டிலில் வரும். இந்தக் கடையில் இருந்தது நூறு மாத்திரை கொண்ட பாட்டில். ஒரே கம்பெனி என்றால் பாட்டிலின் அளவு, மூடி, எழுத்து எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். லேபிளின் நிறம் மாறும், அப்புறம் அந்த ஒரு புள்ளி. கடை அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஜனவரி 6-ம் தேதி சாயங்காலம், கடைசி பஸ்ஸுக்கு முந்திய கூட்டம். உரிமையாளர் சீட்டைப் பார்த்து கம்ப்யூட்டரில் 12.5 என்றே சரியாகப் பில் போட்டார். கடைப் பையன் எடுத்து வைத்தது 125. பில்லையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பாட்டிலைச் சீட்டோடு வைத்துப் பார்க்கும் அந்தக் கடைசிப் பார்வை நடக்கவில்லை.

இதனால் என்ன ஆகிறது என்றால், காகிதத்தில் எல்லாமே சரியாக இருக்கிறது. சீட்டில் 12.5, பில்லில் 12.5, பில்லில் உள்ள பேட்ச் நம்பரும் 12.5 பாட்டிலுடையது. எந்த டாக்டர் வாங்கிப் பார்த்தாலும் இந்த அம்மா பன்னிரண்டரைதான் சாப்பிடுகிறார் என்றுதான் நினைப்பார். பாட்டில் ஒன்றுதான் உண்மையைச் சொல்லும்.

இது எப்படித் தெரியவந்தது? 24-ம் தேதி காலை, ஆர்டர் போடுவதற்காக இருப்புப் பார்த்தபோது 12.5-ல் ஒரு பாட்டில் கூடுதலாகவும், 125-ல் ஒரு பாட்டில் குறைவாகவும் இருந்தது. எண்ணிக்கைத் தப்பு என்று கம்ப்யூட்டரில் திருத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இவர் அப்படிச் செய்யவில்லை. அதற்கு முந்திய இருப்புக் கணக்குக்குப் பிறகு 12.5 வாங்கியவர்களின் பில்லை எடுத்தார். மூன்று பேர். இரண்டு பேரிடம் போனிலேயே லேபிளைப் படிக்கச் சொன்னார், சரியாக இருந்தது. மூன்றாவது இந்த அம்மா. தோட்டத்து லைன் வீட்டில் போன் சிக்னல் கிடைக்கவில்லை. ஜீப் பிடித்து நேரில் போனார்.

உறைபனி கொட்டுகிற ஜனவரியில் அந்த அம்மா ஸ்வெட்டர் போடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாராம். “ராத்திரி கம்பளி வேண்டாம்னு தள்ளிடறாங்க, ஒடம்பு எரியுதுங்கிறாங்க, தூக்கமும் இல்லை” என்று மகள் சொன்னார். அம்மா டீயை நீட்டியபோது தம்ளர் நடுங்கியது. வயசுக் கோளாறு என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். சூடு தாங்காதது, கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை, அடிக்கடி வயிற்றுப் போக்கு எல்லாம் தைராக்சின் அதிகமானால் வருபவை. மதுரையிலோ சென்னையிலோ இருப்பவர் சூடு தாங்கவில்லை என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நீலகிரியில் ஜனவரி மாதம் ஒருவர் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டால், அவர் சாப்பிடும் மாத்திரையை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கே அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்துவிட்டு, கடிதத்தை எழுதிக்கொண்டு உரிமையாளர் என் வீட்டுக்கு வந்தார். முதல் வடிவம் இப்படி இருந்தது: “தங்களுக்கு வழங்கிய மருந்தில் எங்கள் ஊழியரின் கவனக்குறைவால் சிறு மாற்றம் நேர்ந்துவிட்டது. பயப்படத் தேவையில்லை. பழைய பாட்டிலைத் திருப்பித் தந்து சரியான மாத்திரையைப் பெற்று இன்றிலிருந்தே தொடரவும். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

அவர் நல்ல மனதோடுதான் எழுதியிருந்தார். ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஆபத்து இருந்தது.

சிறு மாற்றம் இல்லை, பத்து மடங்கு. பாட்டிலில் 82 மாத்திரை மீதி இருந்தது, ஆக 18 சாப்பிட்டிருக்கிறார். 18 மாத்திரை, ஒவ்வொன்றும் 125 என்றால் 2250 மைக்ரோகிராம். அவருக்கு எழுதிய அளவில் இது 180 நாளைக்கான மருந்து. ஆறு மாத மருந்து பதினெட்டு நாளில் உள்ளே போயிருக்கிறது. இன்னொரு விதமாகப் பார்த்தாலும் சரி: தைராய்டே வேலை செய்யாத ஒருவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கிடுவார்கள். ஐம்பது கிலோவுக்கு 80. இவருக்கோ சுரப்பி பெருமளவு வேலை செய்துகொண்டிருந்தது, அதன் மேல்தான் தினமும் 125 விழுந்திருக்கிறது.

“பயப்படத் தேவையில்லை” என்று எழுத மருந்துக்கடைக்காரருக்கு உரிமை இல்லை. அதை ஈசிஜி பார்த்த டாக்டர் சொல்லலாம். கடைக்காரர் எழுதினால், பஸ் செலவை நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள்.

“இன்றிலிருந்தே தொடரவும்” என்பதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தந்த வரி. தைராக்சின் தலைவலி மாத்திரை மாதிரி ஒரே நாளில் வெளியேறிவிடுவதில்லை. ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அந்த 18 மாத்திரையில் கணிசமான பகுதி இன்னும் உடம்பில்தான் இருக்கிறது. எத்தனை நாள் நிறுத்துவது, எப்போது மறுபடி 12.5 தொடங்குவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பாட்டிலைத் திருப்பி வாங்குவது கூடவே கூடாது. நான் மேலே சொன்னதுதான் காரணம். பில் 12.5 என்கிறபோது, அந்தப் பாட்டில் கடைக்குப் போய்விட்டால் அந்த அம்மா கையில் ஒரு சான்றும் மிஞ்சாது. உரிமையாளருக்கு அந்த எண்ணம் துளியும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் கடிதம் அவர் எண்ணத்தை நம்பி இருக்கக் கூடாது. பாட்டில் அவர்களிடமே இருக்கட்டும், டாக்டரிடம் காட்டட்டும், லேபிளை மட்டும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

கடைசியாக ஊழியர். பையன் எடுத்துக் கொடுத்தது உண்மை. ஆனால் மருந்தாளுநர் என்று பதிவு பெற்றிருப்பவர் உரிமையாளர். டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்து அவர் மேற்பார்வையில்தான் வெளியே போக வேண்டும், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பையன் மேல் பழி போட்டால் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன தெரியப்போகிறது? “சரிக்கா, நான் பாக்காம கொடுத்துட்டேன்னே எழுதிடறேன்” என்றார்.

அப்புறம் உட்கார்ந்து திரும்ப எழுதினார். போன கடிதத்தின் முக்கியமான பகுதி இது:

“அம்மா, ஜனவரி 6 அன்று எங்கள் கடையில் உங்களுக்குக் கொடுத்த தைராய்டு மாத்திரை தவறானது. டாக்டர் எழுதியது 12.5, அதாவது பன்னிரண்டரை மைக்ரோகிராம். நான் கொடுத்தது 125, அதாவது நூற்று இருபத்தைந்து மைக்ரோகிராம். இது பத்து மடங்கு அதிகம். பில்லில் 12.5 என்று இருந்தாலும் பாட்டிலில் இருப்பது 125தான். 7-ம் தேதியிலிருந்து 24-ம் தேதி காலை வரை 18 மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்கள். பாட்டிலைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கொடுத்தது என் தவறு. உங்கள் மேலோ டாக்டர் மேலோ எந்தத் தவறும் இல்லை. இந்த மாத்திரையை இனி சாப்பிட வேண்டாம். பாட்டிலை எறிய வேண்டாம், எங்களிடமும் தர வேண்டாம். இந்தக் கடிதத்தையும் பாட்டிலையும் டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், படபடப்பு அதிகமாதல் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். உங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.”

பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் இருந்தது. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, பேத்திதான் படித்துக் காட்டினாள். எண்ணை எழுத்திலும் எழுதச் சொன்னது அதற்காகத்தான். பன்னிரண்டரை, நூற்று இருபத்தைந்து என்று காதில் விழுந்தால் புள்ளி தொலைய வழியில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதும் என்ன பவர், எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்றுதான். மூன்றும் கடிதத்தில் இருந்தன. ஈசிஜியில் துடிப்பு வேகமாக இருந்தது, தாளம் தப்பவில்லை. மாத்திரையை நிறுத்தி, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

கடையில் என்ன மாற்றினார் என்பதையும் இரண்டு வரியில் எழுதினார். 12.5 இப்போது வேறு அலமாரியில் இருக்கிறது. பில் போடும்போது பாட்டிலின் பார்கோடைக் காட்டினால்தான் அந்த வரி ஏறும். கொடுக்கும் முன் லேபிளையும் சீட்டையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார்கள். ஆனால் அட்டையை வெட்டிக் கொடுக்கும் மாத்திரைக்கு பார்கோடு உதவாது. வெட்டும்போது பவர் அச்சிட்ட பகுதி கடையிலேயே நின்றுவிடும். அதற்கு உறையில் கையால் எழுதுவதைத் தவிர வழியில்லை, அதையும் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

எழுத்தில் கொடுக்காதே, நாளைக்கு அதுவே உனக்கு எதிராக நிற்கும் என்று ஒரு வக்கீல் நண்பர் அவரிடம் சொன்னாராம். நிற்கலாம்தான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அந்தக் குடும்பத்துக்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, போனால் இந்தக் கடிதம் அவர்கள் கையில் இருக்கும். ஆனால் எழுதாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அந்த டாக்டர் பில்லை நம்பியிருப்பார். எந்தப் பக்கம் வைத்து எடை போட்டாலும் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

மருத்துவச் செலவையும் அடுத்த ரத்தப் பரிசோதனைகளின் செலவையும் ஏற்பதாகக் கடிதத்தில் எழுதினார். “இதை ஏற்றுக்கொண்டால் மேற்கொண்டு புகார் இல்லை” என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், சேர்க்கவில்லை. தைராய்டு அளவு மறுபடி நிலைக்கு வந்ததா என்று மார்ச்சில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். புகார் கொடுப்பதா இல்லையா என்று மகள் இன்னும் முடிவு செய்யவில்லை.