பணம் திரும்பி வர யாரும் உங்கள் அனுமதியைக் கேட்பதில்லை

போன புரட்டாசியில் டர்பன் சாட்ஸ்வர்த்தில் என் பெரியம்மாவுக்கு நடந்ததை அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேரு போடாதே, ஆனா நடந்ததை முழுசா எழுது" என்றார்.

விரத மாதம் தொடங்குவதற்கு முன்பு ஆன்லைனில் ஒரு மிக்ஸி வாங்கினார். விலை 1,899 ரான்ட். வந்த மிக்ஸியின் பெரிய ஜாரில் அடியோரம் ஒரு கீறல். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் கசிந்தது. கடையின் ஆப்பிலேயே திருப்பி அனுப்பப் பதிவு செய்தார், கூரியர்காரர் வந்து எடுத்துப் போனார். 7 முதல் 10 வேலை நாட்களில் பணம் அட்டைக்கே வந்துவிடும் என்று மின்னஞ்சலும் வந்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

ஆறாவது நாள் பெரியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஆப்பில் தேடினார், பேசுவதற்கு ஒரு எண்ணும் கண்ணில் படவில்லை. அந்தக் கடையின் முகநூல் பக்கத்துக்குப் போய், "என் பணம் எங்கே?" என்று கமெண்ட் போட்டார். ஆதாரத்துக்கு ஆர்டர் திரையையும் படம் பிடித்துச் சேர்த்தார். அதில் அவர் பெயர், ஆர்டர் எண், பொருள், விலை, தேதி எல்லாம் இருந்தன.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது. அதே லோகோ, அதே பெயர், பின்னால் 'ஹெல்ப்டெஸ்க்' என்று ஒரு சொல் மட்டும் கூடுதல். மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாட்ஸ்அப் எண்ணை இன்பாக்ஸில் அனுப்பச் சொன்னது. பிற்பாடு நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எந்தப் பக்கத்திலும் 'Page transparency' என்ற பகுதியைத் தட்டினால், அது என்று தொடங்கியது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்று தெரிந்துவிடும். பல வருடமாக வியாபாரம் செய்கிற கடைக்கு மூன்று வாரப் பக்கம் எதற்கு?

வாட்ஸ்அப்பில் அழைத்தவன் பெயர் சொல்லி வணக்கம் வைத்தான். மிக்ஸி, அதன் விலை, ஆர்டர் எண் எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னான். பெரியம்மா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: "அவனுக்கு எல்லாமே தெரிஞ்சிருந்துச்சு கண்ணு. கடைக்காரங்களுக்குத் தவிர வேற யாருக்குத் தெரியும்?" அவன் சொன்ன ஒவ்வொன்றும் அவர் போட்ட படத்திலேயே இருந்தது. குறை சொல்லி எழுதுவது தப்பில்லை, எழுதத்தான் வேண்டும். ஆனால் ஆர்டர் எண்ணையும் படத்தையும் பொதுவில் போட்டால், மோசடிக்காரன் கையில் நம்பிக்கையை நாமே கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது.

அப்புறம் அட்டை எண் கேட்டான், முடிவுத் தேதி கேட்டான், பின்பக்கத்து மூன்று இலக்க எண்ணைக் கேட்டான். "உங்கள் வங்கி ஆப்பில் ஒரு செய்தி வரும், Approve என்பதை அழுத்துங்கள், பத்து நிமிடத்துக்குள் அழுத்தாவிட்டால் ரீஃபண்ட் காலாவதியாகிவிடும்" என்றான். செய்தி வந்தது. அதில் வேறு ஏதோ ஒரு கடையின் பெயரும் 6,450 ரான்ட் என்ற தொகையும் இருந்தன. "தொகை வேறயா இருக்கே" என்று பெரியம்மா கேட்டிருக்கிறார். அது சரிபார்ப்பு எண், தானே ரத்தாகிவிடும் என்றான். அழுத்திவிட்டார். உடனே 9,800 என்று இன்னொன்று வந்தது. அங்கேதான் கை நின்றது. அழைப்பைத் துண்டித்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

இந்த இடத்தை நிதானமாக விளக்க ஆசைப்படுகிறேன், ஏனென்றால் மோசடி முழுவதும் இதில்தான் நிற்கிறது. அட்டையில் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்போது, கடை பழைய பரிவர்த்தனையைத் தன் கணக்கில் எடுத்து அதையே பின்னோக்கி அனுப்புகிறது. வந்த வழியிலேயே பணம் திரும்புகிறது. அதற்கு உங்கள் அட்டை எண்ணை மறுபடி கேட்க வேண்டியதில்லை. மூன்று இலக்க எண், ஓடிபி, பின் நம்பர் எதுவும் வேண்டாம். வங்கி ஆப்பில் அனுமதி கேட்டு எதுவும் வராது. பணம் வெளியே போகும்போதுதான் அனுமதி கேட்பார்கள், உள்ளே வரும்போது இல்லை. அட்டைக்கு அனுப்பாமல் வங்கிக் கணக்கில் போடுவதாகச் சொன்னால், கணக்கு எண், வங்கியின் பெயர், உங்கள் பெயர் இவை போதும். அதையும் ஆப்புக்குள் இருக்கும் படிவத்திலேயே கொடுங்கள்.

பத்து நிமிடக் கெடுவும் பொய். நம் தென்னாப்பிரிக்காவில் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்பதா, வேறு பொருளா, பணமா என்று நாமே கேட்கலாம். ஆறு மாதம் சட்டம் தருகிற உரிமை ஒரு போன் அழைப்பில் காலாவதி ஆகாது.

நான் போய்ச் சேர்வதற்குள் வங்கி ஆப்பில் அட்டையை நிறுத்தச் சொன்னேன். அப்புறம் அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைத்தோம். கூகிளில் வங்கியின் எண்ணைத் தேடவில்லை. தேடலில் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம், அதிலும் இவர்களே எண் போட்டு வைக்கிறார்கள். வங்கி மோசடிப் பிரிவில் பதிந்தது, அந்த வேறு கடைக்கும் தகவல் கொடுத்தது. ஆனால் மோசடிக்காரன் அங்கே வாங்கிய பொருள் ஏற்கனவே கைமாறிவிட்டது. பெரியம்மா தன் கையாலேயே அனுமதி கொடுத்திருந்ததால் பணத்தைத் திருப்ப முடியாது என்று இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. போலீசில் கொடுத்த வழக்கு எண்ணோடு, தேசிய நிதிக் குறைதீர்ப்பாளரிடம் எழுதியிருக்கிறோம். 2024 முதல் வங்கிப் புகார்களை அவர்கள்தான் பார்க்கிறார்கள், கட்டணம் கிடையாது. ஆனால் முதலில் வங்கியிடமே புகார் கொடுத்து அதன் பதிலை வாங்கியிருக்க வேண்டும்.

என் கோபத்தில் பாதி கடைகள் மேல்தான். மோசடிக்காரன் நுழைவது அந்த 7 முதல் 10 நாள் மௌனத்தில். "உங்கள் பணம் இந்தத் தேதியில் வங்கிக்கு அனுப்பப்பட்டது" என்று நடுவில் ஒரே ஒரு செய்தி அனுப்பினால் பெரியம்மா கமெண்ட் பக்கமே போயிருக்க மாட்டார். தங்கள் பெயரில் கமெண்டில் உலவும் போலிகளை நீக்குவதும் அவர்கள் வேலைதான். நான் புகார் செய்து நான்கு நாள் கழித்தும் அந்தப் பதில் அங்கேயே இருந்தது.

மீதிக் கோபம் சொந்தக்காரர்கள் மேல். "இவ்வளவு படிச்சவங்க எப்படி ஏமாந்தாங்க" என்று கோயில் வாசலில் பேசினார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் பெரியம்மா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அப்படிப் பேசினால் அடுத்து ஏமாறுகிறவர் வாயே திறக்க மாட்டார். அட்டையை நிறுத்த வேண்டிய முதல் பத்து நிமிடமும் வெட்கத்திலேயே போய்விடும்.

இன்னொன்று. நான் இதைப் பற்றி முதலில் சுருக்கமாக எழுதியபோது, "எனக்கும் இப்படி ஆனது, இவரைத் தொடர்புகொண்டேன், முழுப் பணமும் கிடைத்தது" என்று மூன்று பேர் கீழே வந்து எண் கொடுத்தார்கள். மூன்றையும் அழித்துவிட்டேன். முன்பணம் கேட்டு மறுபடி கறக்கிறவர்கள் அவர்கள்.

ஒன்பதாவது வேலை நாள் காலையில் பெரியம்மாவின் போனில் ஒரு செய்தி வந்தது. கடையின் பெயர், 1,899 ரான்ட், வரவு. என்னிடம் நீட்டிக் காட்டினார்.

"யாராவது போன் பண்ணாங்களா பெரியம்மா?"

"இல்லப்பா. அதுவா வந்துருச்சு."