பெரியப்பாவும் 650 ரூபாய் பாட்டிலும்

பாலக்கோட்டில் இருக்கும் பெரியப்பாவுக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. போன வருடம் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து, 650 ரூபாய் கொடுத்துக் கருஞ்சீரக எண்ணெய் வாங்கினார். காலையும் இரவும் ஒரு ஸ்பூன். முதல் இரண்டு வாரம் மாத்திரையையும் விடவில்லை, இரவுச் சோற்றையும் நிறுத்தியிருந்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 118க்கு வந்தது. "பாத்தியா, எண்ணெ கேக்குதுடா" என்று அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார்.

ஏழு வாரம் கழித்துப் போனபோது, செருப்பு வார் கடித்த புண் ஆறாமல் இருந்தது. இரவில் நான்கு தடவை எழுந்து போகிறார் என்றார் பெரியம்மா. பரிசோதித்தால் 286.

கருஞ்சீரகம் வெறும் புரளி இல்லை, அதுதான் சிக்கல். சவுதியில் நடத்தி 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தினம் 2 கிராம் விதைத்தூள் எடுத்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரத்தில் சர்க்கரை குறையத்தான் செய்தது. ஆனால் அவர்கள் எல்லாரும் வழக்கமான மாத்திரையை விடாமல் சாப்பிட்டவர்கள். விற்கிறவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள். அளவையும் பாருங்கள். விதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எண்ணெய். ஒரு ஸ்பூன் எண்ணெய் என்றால் ஏறக்குறைய 14 கிராம் விதை. நம் வீடுகளில் ஒரு சிட்டிகைக்கு மேல் யார் போட்டார்கள்? பாட்டியின் பேரைச் சொல்லி விற்கிறார்கள், பாட்டி அப்படிக் கொடுத்ததே இல்லை.

எண்ணெய் விற்ற அதே ஆள் 'நரம்புக்கு' என்று சிலாஜித்தும் தள்ளிவிட்டிருந்தார். கரிய பிசின், பட்டாணி அளவு பாலில் கரைக்க வேண்டுமாம். சித்த மருத்துவத்தில் சிலாசத்து என்ற பெயரில் இரண்டு சரக்கு உண்டு: கற்பூர சிலாசத்து என்பது ஜிப்சம், கோமூத்திர சிலாசத்துதான் மலைப்பிசின். எதுவானாலும் சுத்தி செய்யாமல் கொடுக்கக் கூடாது என்பது வைத்திய முறையே. பாறையிலிருந்து வருவதில் ஈயமும் ஆர்சனிக்கும் இருக்கலாம். வெந்நீரில் கரைந்தால் அசல் என்கிறார்கள். வெல்லப்பாகும்தான் கரையும்! அந்த பேட்ச் எண்ணுக்கு உலோகப் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். கைகூப்பும் பொம்மை ஒன்று வந்தது, அப்புறம் பிளாக்.

ஆண்மைச் சுரப்பு கூடியதாக அவர்கள் காட்டும் ஆய்வு இருக்கிறது. சுத்திகரித்த சிலாஜித், 250 மில்லிகிராம், தினம் இருவேளை, 90 நாள். எடுத்தவர்கள் 45 முதல் 55 வயதுக்குள் ஆரோக்கியமான ஆண்கள். பெரியப்பாவுக்கு வயது 64, ஆறாத புண் வேறு.

சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம். இதைச் சொன்னதும் பெரியப்பா, "நூறு பேரு வாங்குறாங்களேடா" என்றார்.

இப்போது மாத்திரை மறுபடி ஓடுகிறது. புண் ஆற இரண்டு மாதம் ஆனது. ரசத்தில் கருஞ்சீரகம் போடச் சொல்கிறார், போட்டுக்கொள்ளட்டும். பாட்டிலில் மிச்சம் இருந்ததைப் பெரியம்மா தலைக்குத் தேய்த்துக்கொள்கிறார்.